பிராடர்-வில்லி குழந்தைக்கு வளர்ச்சி ஹார்மோன்: ஊசிக்கு முன்னால் ஒரு தூக்கப் பரிசோதனை

முதல் நாள் அந்தப் பையனைப் பார்த்தபோது அவன் வயது நான்கு வருடம் எட்டு மாதம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். பையன் தரையில் உட்கார்ந்து அம்மாவின் கைப்பையைத் திறந்து, உள்ளே பிஸ்கட் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தான். உயரம் 94 செ.மீ., எடை 17.5 கிலோ. அந்த வயதுப் பையன்களில் மிகக் குட்டையானவர்களைவிடவும் மூன்று, நான்கு செ.மீ. குறைவு. ஆனால் அந்த உயரத்துக்கு எடை அதிகம். கைகளும் பாதங்களும் உடம்போடு ஒப்பிட்டால் சின்னவை. நெற்றிப்பொட்டு பக்கம் முகம் குறுகியிருந்தது. கண்கள் பாதாம் வடிவம். எழுந்து வா என்றேன். தரையில் கையை ஊன்றி, முழங்காலைப் பிடித்து, தன் தொடை மேலேயே ஏறுவதுபோல எழுந்து நின்றான்.

அவர்கள் வந்தது உயரத்துக்காக. "எல்.கே.ஜி.யில் எல்லாரையும் விட இவன்தான் சின்னவன் டாக்டர், ஊசி போட்டால் வளருவான் என்று சொன்னார்கள்" என்றார் அப்பா. ஊசி போட்டால் வளருவான் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஊசியை நான் போட ஆரம்பித்தது நான்கு மாதம் கழித்துதான். நடுவில் நடந்ததும் பின்னால் நடந்த ஒரு தவறும்தான் இதை எழுதக் காரணம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வருபவன் ஒரே குழந்தை அல்ல. யாரையும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று சில குழந்தைகளின் விவரங்களை ஒன்றாகக் கோத்திருக்கிறேன். எண்கள் எல்லாம் பிராடர்-வில்லி என்ற இந்த மரபணு நோயில் நாங்கள் வழக்கமாகப் பார்ப்பவைதான்.

பிறந்த கதை

வயிற்றில் இருந்தபோதே அசைவு குறைவு என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. மூத்த பெண் உதைத்த மாதிரி இவன் உதைக்கவே இல்லை. சிசேரியனில் பிறந்தான். எடை 2.4 கிலோ. பூனைக்குட்டி முனகுவது போல அழுகை. கையைத் தூக்கிவிட்டால் துணி மாதிரி தொங்கியது. பால் உறிஞ்சும் பலம் இல்லை. ஐந்து வாரம் மூக்குக் குழாய் வழியாகத்தான் பால் போனது. விதைகள் இரண்டும் பைக்குள் இறங்கவில்லை.

இவையெல்லாம் ஒரே குழந்தையிடம் இருந்தால் பிராடர்-வில்லி என்ற பெயர் மனதில் வந்தாக வேண்டும். சூரிச் நகரில் பிராடர், லாபார்ட், வில்லி என்ற மூன்று மருத்துவர்கள் 1956-ல் இதை எழுதினார்கள். பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் வருகிறது. பசிதான் இந்த நோயின் அடையாளம் என்று பலரும் நினைக்கிறார்கள். பிறந்த குழந்தையிடம் பசி இருக்காது. நேர்மாறாக, பாலுக்கு அழவே அழாது. அதனால்தான் பெயர் மனதில் வராமல் போகிறது.

இந்தக் குழந்தைக்கு அப்போதே ஒரு குரோமோசோம் பரிசோதனை செய்திருந்தார்கள். "நார்மல்" என்று வந்தது. அந்தத் தாளை நான்கரை வருடம் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார் அம்மா. அதைக் காட்டும்போதெல்லாம் எல்லாரும் மரபணுக் கோளாறு இல்லை என்று முடிவு செய்து, தசை நோய், தைராய்டு, ஊட்டச்சத்து என்று வேறு வேறு வழியில் போனார்கள். தவறு அந்தத் தாளில் இல்லை. சாதாரண குரோமோசோம் பரிசோதனை நூலகத்தில் எத்தனை புத்தகம் இருக்கிறது என்று எண்ணுகிற மாதிரி. ஒரு புத்தகத்தில் சில பக்கங்கள் கிழிந்திருந்தால் அதற்குத் தெரியாது.

இங்கே நடப்பது இன்னும் நுணுக்கமானது. 15-ஆவது குரோமோசோம் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று நம் எல்லாரிடமும் இரண்டு இருக்கிறது. அதில் ஒரு சிறு பகுதியில், அம்மாவிடமிருந்து வந்த பிரதியில் சில மரபணுக்கள் இயற்கையிலேயே வாயை மூடிக்கொண்டிருக்கும். அப்பாவின் பிரதி மட்டும்தான் வேலை செய்யும். அந்த அப்பாவின் பகுதி விடுபட்டுப் போனால், அல்லது இரண்டு பிரதியுமே அம்மாவிடமிருந்தே வந்துவிட்டால், வேலை செய்ய யாரும் இல்லை. பத்தில் ஆறு, ஏழு குழந்தைகளிடம் விடுபட்டிருக்கும். மீதியில் பெரும்பாலோரிடம் இரண்டுமே அம்மாவின் பிரதி. வாய் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதைப் பார்க்கும் பரிசோதனைக்கு மெத்திலேஷன் பரிசோதனை என்று பெயர். நூறில் தொண்ணூற்றொன்பது பேருக்கு மேல் இதில் பிடிபட்டுவிடும். கொஞ்சம் ரத்தம் போதும். இந்தப் பையனுக்கு அது மூன்று வாரத்தில் வந்தது. பிராடர்-வில்லி உறுதி, அப்பாவின் பகுதி விடுபட்டிருக்கிறது.

முடிவைச் சொன்ன நாளில் அம்மா முதலில் கேட்டது, "அப்ப இது என்னால இல்லையா டாக்டர்?" என்று. நான்கரை வருடமாக, கர்ப்பத்தில் பப்பாளி சாப்பிட்டதால்தான், சரியாகச் சாப்பிடாததால்தான் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி அவரும் நம்பிவிட்டிருந்தார். அவரால் இல்லை. அப்பாவின் பிரதி என்றதும் பழியை அந்தப் பக்கம் தூக்கிவைப்பதும் அதே அளவு தவறு. விந்தணு உருவாகும்போது தற்செயலாக நடந்த விடுபடல் இது. இருவரிலும் எந்தக் குறையும் இல்லை. இந்த வகையில் அடுத்த குழந்தைக்கும் வரும் வாய்ப்பு பொதுவாக நூறில் ஒன்றுக்கும் குறைவு. அபூர்வமான ஒரு வகையில் மட்டும் அது பாதிக்குப் பாதி வரை போகலாம். அதனால்தான் "பிராடர்-வில்லி உறுதி" என்பதோடு நிறுத்தாமல் எந்த வகை என்பதையும் கேட்டு வாங்க வேண்டும்.

எதற்காக இந்த ஊசி

பசி, தூக்கம், ஹார்மோன்கள் இவற்றை எல்லாம் மேய்க்கும் இடம் மூளையில் ஹைப்போதலாமஸ். இந்தக் குழந்தைகளுக்கு அது சரியாக வேலை செய்வதில்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வளர்ச்சி ஹார்மோன் குறைவாகச் சுரப்பது அதன் ஒரு விளைவு. தொடர்ந்து பசிப்பது இன்னொரு விளைவு. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தாலும் ஒன்றுக்குப் போடும் ஊசி மற்றொன்றைத் தொடாது. பெற்றோருக்கு இதை நான் மூன்று முறையாவது சொல்லியிருப்பேன்.

வளர்ச்சி ஹார்மோன் எலும்பை நீட்டும். இந்தக் குழந்தைகளுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் உடம்பின் கலவையை மாற்றுவது. எடை சரியாக இருப்பதாகத் தோன்றும் பிராடர்-வில்லி குழந்தையைக்கூட அளந்து பார்த்தால் கொழுப்பு அதிகமாகவும் தசை குறைவாகவும் இருக்கும். தசை குறைந்தால் உடம்பு ஓய்வில் செலவிடும் சக்தியும் குறைவு. அதனால் மற்ற குழந்தைகள் சாப்பிடுவதில் முக்கால் பங்கு சாப்பிட்டாலே இவர்கள் பெருப்பார்கள். ஹார்மோன் கொடுத்தால் தசை கூடுகிறது, கொழுப்பு குறைகிறது, எழுந்து நடக்கவும் ஏறவும் பலம் வருகிறது. கைக்குழந்தையிலேயே தொடங்கினால் உட்காருவது, நடப்பது, பேசுவது எல்லாம் முன்னால் வருகிறது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு பிராடர்-வில்லிக்கு இந்த ஹார்மோன் அனுமதி பெற்றது. மருந்தே போடாதவர்களின் வளர்ந்த உயரம் ஆண்களுக்கு 155 செ.மீ. சுமார், பெண்களுக்கு 148 செ.மீ. சுமார். சீக்கிரம் தொடங்கித் தொடர்ந்து போட்டவர்கள் வீட்டில் மற்றவர்கள் உயரத்துக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார்கள்.

குட்டையான மற்றக் குழந்தைகளுக்கு ஹார்மோன் தொடங்கும் முன் ஒரு தூண்டல் பரிசோதனை செய்வோம். மருந்து கொடுத்து, மணிக்கணக்கில் ரத்தம் எடுத்து, ஹார்மோன் எவ்வளவு சுரக்கிறது என்று பார்ப்பது. பிராடர்-வில்லி மரபணுப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டால் இந்தச் சிறு குழந்தைகளுக்கு அது தேவையில்லை. 2013-ல் வெளியான சர்வதேச வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. நான்கு வயதுக் குழந்தையைப் பட்டினி போட்டு ஊசிக்கு மேல் ஊசி குத்தும் அந்த நாளை இவனுக்கு மிச்சப்படுத்தினோம்.

ஏன் நான்கு மாதம் காத்திருந்தோம்

ஹார்மோன் பயன்பாட்டுக்கு வந்த சில ஆண்டுகளிலேயே, அதைப் போட்டுக்கொண்டிருந்த பிராடர்-வில்லி குழந்தைகளில் சிலர் தூக்கத்தில் திடீரென்று இறந்த செய்திகள் வந்தன. 2003-ல் மருந்தின் குறிப்பேட்டிலேயே எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. பிறகு கணக்கெடுத்துப் பார்த்தபோது இரண்டு விஷயம் தெரிந்தது. ஹார்மோன் போடாத பிராடர்-வில்லி குழந்தைகளும் இதே மாதிரி, பெரும்பாலும் சுவாசத் தொற்றின்போது இறந்திருக்கிறார்கள். ஆனால் ஹார்மோன் போட்டவர்களில் இறப்புகள் பெரும்பாலும் முதல் ஒன்பது மாதத்துக்குள் வந்திருக்கின்றன. மிக அதிக எடை, தூக்கத்தில் மூச்சுத் தடை, கவனிக்காத சளிக் காய்ச்சல் ஆகியவை அந்தக் குழந்தைகளிடம் திரும்பத் திரும்பக் காணப்பட்டன.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. இவர்களின் தொண்டைத் தசைகள் தளர்ந்தவை, தொண்டையும் குறுகியது. மூச்சு குறைந்தால் மூளை மணியடிப்பதும் மந்தம். அந்த நிலையில் வளர்ச்சி ஹார்மோன் போய் டான்சில், அடினாய்டு சதையைக் கொஞ்சம் பெருக்கவைக்கலாம். உடம்பில் நீர் கொஞ்சம் தேங்கலாம். ஏற்கெனவே பாதி மூடிய கதவு இன்னும் கொஞ்சம் மூடும்.

அதனால் கேட்டேன், "தூங்கும்போது குறட்டை விடுவானா?" அப்பா சிரித்தார். "என்னைவிட அதிகம் டாக்டர். தாத்தா, பேரன் ரெண்டு பேரும் கச்சேரிதான்." குழந்தை குறட்டை விட்டால் நம் வீடுகளில் நன்றாகத் தூங்குகிறான் என்று அர்த்தம். அவன் தூங்குவதைக் கைபேசியில் வீடியோ எடுத்து வரச் சொன்னேன். இரண்டு நிமிட வீடியோவில் நெஞ்சு உள்ளே குழிந்து, வயிறு ஏறி, எந்தச் சத்தமும் இல்லாமல் பன்னிரண்டு விநாடி போனது. பிறகு ஒரு பெரிய இழுப்பு. நானும் அவர்களும் சேர்ந்தே பார்த்தோம். இந்த முறை அப்பா சிரிக்கவில்லை.

தூக்க ஆய்வுக்கு அனுப்பினோம். ஓர் இரவு முழுக்க மூக்கு, நெஞ்சு, விரல் எல்லாவற்றிலும் ஒயரை ஒட்டி, மூச்சு மணிக்கு எத்தனை முறை தடைபடுகிறது என்று எண்ணுவார்கள். குழந்தைக்கு ஒன்றுக்கு மேல் இருந்தாலே கவனிக்க வேண்டும். பத்துக்கு மேல் என்றால் கடுமை. இவனுக்கு 8. அடினாய்டு மூக்கின் பின்புறத்தை முக்கால்வாசி அடைத்திருந்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் அடினாய்டையும் டான்சிலையும் எடுத்தார். மற்றக் குழந்தைகள் அன்றே வீட்டுக்குப் போகும் அறுவை இது. பிராடர்-வில்லி குழந்தையை மட்டும் இரவு முழுக்க ஆக்சிஜன் அளவைப் பார்த்துக்கொண்டே வைத்திருக்க வேண்டும், மயக்க மருந்துக்குப் பிறகு இவர்கள் மூச்சு திரும்பி நிலைப்பட நேரம் ஆகும். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் தூக்க ஆய்வு. 8 இப்போது 2.5 ஆகியிருந்தது. முழுக்கச் சரியாகவில்லை, சதையை எடுத்தாலும் தசைத் தளர்வு அப்படியே இருப்பதால் இவர்களுக்கு அது முழுக்கச் சரியாவதும் அபூர்வம். ஆனால் இனி ஊசியைத் தொடங்கலாம்.

இந்த இடைவெளியில் மற்றவையும் பார்த்தோம். தைராய்டுக்கு, அதைத் தூண்ட பிட்யூட்டரி அனுப்பும் டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் போதாது, கோளாறு மூளைப் பக்கம் இருந்தால் அது நார்மலாகவே காட்டும். தைராய்டே சுரக்கும் ஃப்ரீ டி4-உம் சேர்த்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை, கார்ட்டிசால், முதுகெலும்புக்கு ஒரு எக்ஸ்ரே. முதுகில் லேசான வளைவு இருந்தது. அதைக் குறித்துவைத்தோம். வேகமாக உயரம் கூடும்போது இருக்கிற வளைவு தெரிய ஆரம்பிக்கும். அப்போது ஊசிமேல் பழி வரும். முதல் எக்ஸ்ரே கையில் இருந்தால்தான் எது பழசு, எது புதுசு என்று சொல்ல முடியும்.

அளவுக் கணக்கு

தொடங்கிய நாளில் வயது சரியாக ஐந்து. உயரம் 95 செ.மீ., எடை 17.6 கிலோ. இந்த இரண்டையும் வைத்து உடலின் பரப்பளவைக் கணக்கிட்டால் 0.68 சதுர மீட்டர். பிராடர்-வில்லியில் முழு அளவு ஒரு சதுர மீட்டருக்கு தினம் 1 மி.கி. ஆனால் தொடங்குவது அதில் பாதி. ஆக 0.34 மி.கி. இந்த ஹார்மோனில் 1 மி.கி. என்பது 3 யூனிட். எனவே இவனுக்கு இரவுக்கு 1 யூனிட், பிறகு மெதுவாக 2 யூனிட் வரை.

எடையை வைத்துக் கணக்குப் போட்டால் என்ன என்று கேட்கலாம். பருத்த குழந்தையின் எடையில் பெரும்பகுதி கொழுப்பு, அதற்கெல்லாம் ஹார்மோன் போட்டால் அளவு மிஞ்சிவிடும். அதனால்தான் பரப்பளவு.

செலவு குறையட்டும் என்று பேனா ஊசிக்குப் பதில் தூள் குப்பியை எழுதினேன். ஒரு குப்பியில் 4 யூனிட் தூள், அதில் 1 மில்லி நீர். தினம் கால் மில்லி போட்டால் ஒரு குப்பி நான்கு நாள் வரும். நூறு கோடு போட்ட 1 மில்லி சிரிஞ்சில் 25-ஆவது கோடு. நீர் விடும்போது குப்பியின் சுவரில் வழியும்படி விட வேண்டும், குலுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து உருட்ட வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஆனால் உறைபெட்டிக்குப் பக்கத்தில் அல்ல, உறைந்துபோனால் மருந்து பாழ். தொடை, இடுப்பு, வயிறு என்று இடம் மாற்றிப் போட வேண்டும். ஒரே இடத்தில் போட்டால் அங்கே கொழுப்பு பள்ளம் விழும். இரவில் தூங்கப் போகும் முன் போடுவது வழக்கம், இயற்கையிலும் இந்த ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில்தான் சுரக்கிறது. அம்மா இரண்டே நாளில் கற்றுக்கொண்டார். பையன் அழவே இல்லை. இவர்களுக்கு வலி உணர்வே மந்தம் என்பதை அந்தச் சிறு விஷயத்திலேயே பார்த்தேன்.

பத்தாவது வாரம் தூக்க ஆய்வு நன்றாக வந்தது. மூன்றாவது மாதம் 1.2 யூனிட்டாக்கினேன். 30-ஆவது கோடு.

நான்காவது மாதம் நடந்தது

ஒரு காலை அம்மா தொலைபேசியில் அழைத்தார். "மறுபடியும் குறட்டை வருது டாக்டர். காலைல எந்திரிச்சா செருப்பு ஏற மாட்டேங்குது, கால் புசுபுசுன்னு இருக்கு. தலை வலிக்குதுன்னும் சொல்றான்." அன்றே வரச் சொன்னேன். மருந்துப் பையையும் எடுத்துவரச் சொன்னேன். அதை எடுத்துவரச் சொன்னதுதான் அன்று நான் செய்த சரியான காரியம்.

பையில் இருந்தது வேறு குப்பி. வழக்கமான மருந்து கையிருப்பில் இல்லை என்று கடையில் இன்னொன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அது தூள் அல்ல, தயார் நிலையில் உள்ள திரவம். 1.5 மில்லியில் 15 யூனிட். அதாவது ஒரு மில்லிக்கு 10 யூனிட், பழையதில் 4. அம்மா நான் எழுதிக்கொடுத்தபடியே 30-ஆவது கோடு வரை இழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் குழந்தைக்குத் தினம் போனது 1.2 யூனிட் இல்லை, 3 யூனிட். பதினெட்டு நாள்.

தவறு என்னுடையது. மருந்துச் சீட்டில் நான் "30 கோடு" என்று எழுதியிருந்தேன். யூனிட்டும் இல்லை, மில்லிகிராமும் இல்லை. மருந்து மாறினாலும் கோடு மாறாது என்று ஒரு தாய் நம்பியதற்கு நான்தான் காரணம். இப்போது எந்தச் சீட்டிலும் மி.கி., யூனிட், எந்தத் தயாரிப்பு, அதில் எத்தனை மில்லி என்று நான்கையும் எழுதுகிறேன். குப்பி மாறினால் ஊசி போடும் முன் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். இன்சுலின் சிரிஞ்சில் இருக்கும் "யூனிட்" இன்சுலினுக்கு மட்டும்தான் என்பதையும் வாய்விட்டுச் சொல்கிறேன். அந்தச் சொல் இரண்டு மருந்துக்கும் ஒன்றாக இருப்பதாலேயே இன்னும் பல வீடுகளில் இதே தவறு நடக்க இடமிருக்கிறது.

ஊசியை நிறுத்தினோம். தலைவலி என்றதால் கண் மருத்துவரிடம் அனுப்பி பார்வை நரம்பில் வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தோம். மூளையைச் சுற்றிய அழுத்தம் கூடுவது இந்த ஹார்மோனின் அபூர்வமான, ஆனால் பார்வையையே கெடுக்கக்கூடிய பக்க விளைவு. வீக்கம் இல்லை. ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 பார்த்தோம். வளர்ச்சி ஹார்மோன் ஈரலுக்குப் போய் அங்கே உருவாக்கும் பொருள் அது. அளவு கூடுதலா, குறைவா என்று சொல்லும் தராசு. வயதுக்குரிய எல்லையைத் தாண்டி எங்கேயோ இருந்தது. தூக்க ஆய்வில் 2.5 மறுபடி 6 ஆகியிருந்தது. சர்க்கரை மட்டும் நல்லவேளையாக ஏறவில்லை.

பத்து நாளில் கால் வீக்கம் வடிந்தது, தலைவலி போனது. 1 யூனிட்டிலிருந்து மறுபடி தொடங்கினோம். இரண்டு மாதத்தில் தூக்க எண் 2.3. பிறகு ஐ.ஜி.எஃப்-1 பார்க்காமல் அளவை ஏற்றவில்லை. பிராடர்-வில்லி குழந்தைகளிடம் ஒரு தனிக்குணம் உண்டு. கொடுக்கும் மருந்துக்கு ஐ.ஜி.எஃப்-1 மற்றக் குழந்தைகளைவிடச் சட்டென்று ஏறும். புத்தகக் கணக்கைவிட அந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

ஒரு வருடம் கழித்து

ஆறு வயதில் உயரம் 105 செ.மீ. முந்தைய வருடம் நான்கு செ.மீ. வளர்ந்தவன் ஒரே வருடத்தில் பத்து வளர்ந்திருக்கிறான். எடை 19.8 கிலோ, கூடியது 2.2 கிலோதான். அந்தத் தாளைப் பார்த்து அப்பாவுக்கு மகிழ்ச்சி. அம்மா சொன்னது வேறு. "டவுன் பஸ்ல தானா ஏறுறான் டாக்டர். தூக்கிவிட வேண்டாம்." என் அறையில் தரையில் உட்காரச் சொல்லி எழுந்திருக்கச் சொன்னேன். ஒரு கையை மட்டும் ஊன்றி எழுந்தான். முதல் நாள் தொடை மேல் ஏறி எழுந்தவன்தான்.

ஆனால் அதே வருடத்தில்தான் பசி திறந்தது. இந்த நோயில் பசி படிப்படியாக வரும். பிறந்தபோது பால் குடிக்கத் தெம்பில்லை. இரண்டு வயதை ஒட்டி, சாப்பாடு கூடாமலே எடை ஏறும். நாலரை வயது வாக்கில் சாப்பாட்டின் மேல் ஆசை கூடும். எட்டு வயதை ஒட்டி, எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நிறைந்தது என்ற செய்தி வராத பசி. வயது ஆளுக்கு ஆள் மாறும். இவன் விஷயத்தில் ஊசியும் பசியும் ஒரே காலத்தில் வந்ததால் பாட்டி ஊசியைத்தான் சந்தேகப்பட்டார். ஊசி காரணமில்லை. ஊசி போடாமல் இருந்திருந்தாலும் இந்தப் பசி இந்த வயதில் வந்திருக்கும்.

ஒருநாள் விடிகாலை மூன்று மணிக்குச் சத்தம் கேட்டு அம்மா எழுந்து போயிருக்கிறார். ஃபிரிட்ஜ் திறந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் பையன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குண்டானிலிருந்து இட்லி மாவைக் கையால் அள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் அழவில்லை, ஓடவில்லை. இன்னும் வேகமாக அள்ளினான். அதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. இது திருட்டு அல்ல, அடம் அல்ல, வளர்ப்பு சரியில்லாததும் அல்ல. மூழ்குகிறவன் மூச்சுக்குத் துடிப்பது மாதிரி.

அன்று பாட்டியையும் அழைத்துவரச் சொன்னேன். "பச்சப்புள்ள பசிக்குதுன்னு கேக்குது. எப்படிங்க இல்லைன்னு சொல்றது? பெத்தவளுக்கு மனசு வருமா?" என்றார். அவரிடம் கலோரிக் கணக்கு சொல்லிப் பயனில்லை. அவனுடைய பசிக்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் இல்லை என்பதைச் சொன்னேன். ஒரு முறுக்கு கொடுத்தால் பசி அடங்காது, அடுத்த முறுக்கு கிடைக்கும் என்ற எண்ணம் மட்டும் பிறக்கும். அந்த எண்ணம்தான் அவனை நாள் முழுக்க அலைக்கழிக்கும். எந்த நேரத்துக்கு என்ன கிடைக்கும் என்று அவனுக்குச் சந்தேகமே இருக்கக் கூடாது. இடையில் கிடைக்காது என்பதிலும் சந்தேகம் இருக்கக் கூடாது. இரண்டும் உறுதியானால் கேட்பது குறையும். வினோதமாகத் தோன்றும், ஆனால் பூட்டிய சமையலறை இந்தக் குழந்தைகளுக்கு நிம்மதி.

உயரத்தில் ஒவ்வொரு செ.மீ.க்கும் சுமார் 10 கலோரி என்று வைத்துக்கொண்டோம். 105 செ.மீ. பையனுக்கு நாளைக்கு ஆயிரத்துக்குச் சற்று மேல். அதே வயதுப் பிற பையன்கள் இதைவிடக் கணிசமாகக் கூடுதலாகச் சாப்பிடுவார்கள். தட்டில் சோறு பாதியானது, கீரையும் பீர்க்கங்காய்ப் பொரியலும் கூடின, சாம்பாரில் பருப்பு தடித்தது. காலை, பள்ளி இடைவேளை, மதியம், மாலை, இரவு என்று ஐந்து நேரம், கடிகாரப் படம் வரைந்து சுவரில் ஒட்டினார்கள். சமையலறைக்குக் கதவு வைத்துப் பூட்டினார்கள், சாவி அம்மாவின் தாலிக்கொடியில். பள்ளியில் பிறந்தநாள் சாக்லேட், கோயிலில் பிரசாதம், பக்கத்து வீட்டு அத்தை தரும் அதிரசம் என்று ஒவ்வொரு வாசலையும் ஒவ்வொன்றாக அடைக்க ஒரு வருடம் பிடித்தது.

இன்னொன்றும் எழுதிக் கொடுத்தேன். இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் வாந்தி எடுக்க மாட்டார்கள், வலியையும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். கட்டுக்கடங்காமல் சாப்பிட்ட பிறகு வயிறு உப்பி, வயிற்று வலி என்று சொன்னாலோ, வழக்கமில்லாமல் வாந்தி எடுத்தாலோ, சாப்பாடு வேண்டாம் என்றாலோ உடனே மருத்துவமனை. வயிறு அளவுக்கு மீறி விரிந்து கிழிந்து இறந்தவர்கள் உண்டு. பிராடர்-வில்லி குழந்தை சாப்பாட்டை மறுப்பதைப் போன்ற ஆபத்து மணி வேறில்லை.

இப்போது

ஏழு வயது. உயரம் 112.5 செ.மீ., எடை 22.8 கிலோ. இன்னும் வகுப்பில் சின்னவர்களில் ஒருவன்தான், ஆனால் தனித்துத் தெரிவதில்லை. கணக்குப்படி ஊசி இரண்டரை யூனிட் வரை போகலாம். ஐ.ஜி.எஃப்-1 மேல் எல்லையை ஒட்டியிருப்பதால் 2 யூனிட்டிலேயே நிறுத்தியிருக்கிறேன். முதுகு வளைவு பழைய எக்ஸ்ரேயைவிட மூன்று டிகிரி கூடியிருக்கிறது. எலும்பு மருத்துவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார், ஊசியை நிறுத்தச் சொல்லவில்லை. சளிக் காய்ச்சல் வந்து குறட்டை கூடினால் அன்று ஊசி கிடையாது, என்னை அழைக்க வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

பணம் பெரிய கவலைதான். ஊசி வருடக் கணக்கில் போக வேண்டியது, குழந்தை வளர வளர அளவும் செலவும் வளரும். மத்திய அரசின் 2021 அரிய நோய்கள் கொள்கையில் பிராடர்-வில்லிக்கான வளர்ச்சி ஹார்மோன் இரண்டாவது பிரிவில் இருக்கிறது. அரசு அறிவித்த சிறப்பு மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. மரபணுப் பரிசோதனை முடிவோடு அங்கே பதிவு செய்ய வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு அது தெரியவந்தபோது நகைகள் ஏற்கெனவே அடகில் இருந்தன.

சென்ற முறை வந்தபோது அம்மா ஒரு செய்தியைக் கைபேசியில் காட்டினார். பிராடர்-வில்லிப் பசிக்கு டயசாக்சைடு கோலின் என்ற மாத்திரைக்கு 2025 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி தந்திருக்கிறது, நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. பசிக்கென்றே வந்த முதல் மருந்து அது. "இவனுக்குத் தரலாமா டாக்டர்?" என்று கேட்டார். அது சர்க்கரையை ஏற்றக்கூடும், உடம்பில் நீரைத் தேக்கக்கூடும். வளர்ச்சி ஹார்மோனும் இதே இரண்டையும் செய்யக்கூடியது. இரண்டும் சேரும்போது இந்தக் குழந்தையின் கால் வீங்கினால் எது காரணம் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். அடுத்த தூக்க ஆய்வும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் வரட்டும், பிறகு பேசலாம் என்றேன். சரி என்று எழுந்தார். பையன் கதவருகே நின்று மணி என்ன என்று கேட்டான். பதினொன்று ஐம்பது. "சாப்பாட்டுக்கு இன்னும் நாற்பது நிமிஷம்" என்று அவனே சொல்லிக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தான்.